விடிய விடியப் படித்தவனுக்கு எண்ணெய்க் குளியல்

இளவரசு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் கடலூர் முதுநகரில் பிள்ளைகளை ஏற்ற ஆரம்பித்தால் செம்மண்டலம் தாண்டிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்வரை சாலையைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டான். வேன் ஞானசேகரன் என்பவருடையது. பின்சீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரோக்கிய ராணி என்று ஓர் அம்மாள் உண்டு. வேனில் பாட்டுப் போடமாட்டான், போன் எடுக்கமாட்டான். "கல்யாணத்துக்குப் பொண்ண அழைச்சிட்டுப் போற மாதிரி ஓட்டுற தம்பி" என்று ராணி கேலி செய்வாள். வண்டியில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. அவனுக்கு அதுதான் பெருமை, அதுதான் பிழைப்பும்.

அவன் தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்து பாதியில் விட்டிருந்தான். அரசுத் தேர்வு எழுத டிகிரி வேண்டும் என்று அவன் மனைவி தமிழ்ச்செல்விதான் மறுபடி பணம் கட்ட வைத்தாள். அவள் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். மாசத்தில் பத்து நாள் நைட்டு டூட்டி பார்க்கிறவள். கடைசியாக மிச்சமிருந்தவை இரண்டு தாள்கள். முதல் தாள் ஒரு புதன்கிழமை, இரண்டாவது அடுத்த புதன்கிழமை. இரண்டுக்கும் சிதம்பரத்தில்தான் சென்டர்.

முதல் தாளுக்குப் பாதிப் புத்தகத்தைத் தொடவே இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து அட்டையைப் பிரித்தவன் மிச்சப் பக்கங்களை எண்ணிப் பார்த்தான்.

"இன்னிக்கு முழிச்சிதான் ஆவணும் தமிழு."

"முழிச்சிப் படிச்சா தலைப்பு நிக்கும், உள்ள இருக்கறது நிக்காது. சொன்னா கேக்கவா போறீங்க?" அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே பேசினாள். "சரி, முழிங்க. ஆனா அதுக்கப்புறம் நான் சொல்ற மாதிரி கேளுங்க. பரீச்ச முடிஞ்சதும் உங்க அக்கா வீட்டுக்குப் போங்க. சாப்புட்டுட்டு ஒன்ற மணி நேரம் படுங்க. அலாரம் வெச்சி நாலு மணிக்குள்ள எழுந்துடுங்க. அதுக்கு மேல டீ கூடாது. பஸ்ஸுல தூங்காதீங்க. வீட்டுக்கு வந்து ஒம்பது மணிக்கெல்லாம் படுக்கணும். வியாழக்கெழமையும் லீவு சொல்லுங்க."

"ஒரு நாள் லீவுக்கே அவுரு மூஞ்சி இஞ்சி தின்னாப்புல போவுது. ரெண்டு நாளா?"

"வண்டி ஓட்டப் போறது நீங்க."

அவன் ஒரு நாள்தான் லீவு சொன்னான். அன்றைக்கு வேனுக்குத் தில்லைநாதன் என்கிற இன்னொரு டிரைவரை ஞானசேகரன் போட்டுக்கொண்டார்.

விடிய விடியப் படித்தான். தேர்வறையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாமே பார்த்த முகமாகத் தெரிந்தன, பெயர்தான் வரவில்லை. தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்தான். கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுதினான். ஆனாலும் தேறிவிடும் என்று நினைத்தான். ஒரு மணிக்கு வெளியே வந்தபோது வெயில் கண்ணில் மண்ணை வாரிப் போட்டது போலிருந்தது.

அக்கா பவானியின் வீடு சிதம்பரத்திலேயே, கீழவீதிக்குப் பின்னால். கதவைத் திறந்தவள் தம்பியின் கண்ணைப் பார்த்தாள், கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா இது, கண்ணு கோவப்பழமாட்டம் இருக்குது? ஒடம்பு பூரா சூடு ஏறிக் கெடக்குது!"

"தூங்கலக்கா. கொஞ்சம் படுத்தா போதும்."

"படுக்கறதாம். மொதல்ல சூடு எறங்கணும். இன்னிக்குப் புதன்கெழம, ஆம்பளைங்க எண்ண வெக்கிற நாளு. நல்லா நாள் பாத்துத்தான்டா வந்திருக்கற."

அவன் வாயைத் திறப்பதற்குள் நல்லெண்ணெயைக் காய்ச்ச வைத்துவிட்டாள். தூக்கம் கெட்டால் சூடு, சூட்டுக்கு எண்ணெய். இந்த ஊர்ப்பக்கம் இந்தக் கணக்கை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. உச்சியில் எண்ணெயை வைத்து அவள் தட்டிய தட்டில் அவனுக்கு உட்கார்ந்தபடியே கண் சொருகியது. வெந்நீர், சீயக்காய், மிளகு ரசம், சுட்ட அப்பளம். சாப்பிட்டு முடித்துப் பாயைத் தேடி நடந்தான்.

"டேய்! எங்க போற?"

"ஒன்ற மணி நேரம்க்கா. தமிழு சொல்லியிருக்குது."

"எண்ண தேச்சிக் குளிச்சிட்டுப் பகல்ல படுத்தா ஜன்னி வரும்டா. ஒன் பொண்டாட்டி நர்ஸுதான். எங்கம்மா என்னா சும்மாவா சொல்லிட்டுப் போச்சி?"

இங்கேதான் விஷயம் கெட்டது. எண்ணெய் வைத்துக் குளித்தால் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வரும், ஆனால் படுக்கக்கூடாது. விடிய விடிய விழித்தவனை இப்படி ஒரு வழி பண்ண வேறு யாராலும் முடியாது. அவன் சுவரில் சாய்ந்தால் அக்கா தோளில் தட்டினாள். டிவியைச் சத்தமாக வைத்தாள். பக்கத்து வீட்டுச் செய்தி, காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு விலைபோன செய்தி என்று ஒன்று விடாமல் சொன்னாள். மூன்று தடவை டீ கொடுத்தாள். எல்லாம் பாசம்தான். பாசத்துக்குப் பகலென்றும் ராத்திரியென்றும் தெரியாது.

சாயங்காலம் அவனை பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாள். பாண்டிச்சேரி போகிற பஸ். கடலூருக்கு டிக்கெட் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். புதுச்சத்திரம் வந்தது அவனுக்கு ஞாபகமில்லை.

கண்டக்டர் தோளைப் பிடித்து உலுக்கினார். "யோவ், கடலூரு டிக்கெட்டுதான? பாண்டி வந்துட்டுது. ஒன்ன எழுப்பிப் பாத்தேன், 'தோ எறங்கறேன்'ன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்ட."

அசட்டுச் சிரிப்போடு இறங்கினான். தூக்கக் கலக்கம் போக இன்னொரு ஸ்ட்ராங் டீ குடித்துவிட்டு எதிர்ப் பஸ் பிடித்தான். வீட்டுக்கு வந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. தமிழ்ச்செல்வி டூட்டிக்குப் போயிருந்தாள். பஸ்ஸில் தூங்கிய தூக்கமும் நாலு டீயும் ஒன்று சேர்ந்துகொண்டன. படுத்தால் கூரை ஃபேன்தான் தெரிந்தது. சரி என்று போனை எடுத்தான். தேர்வு எழுதினவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விடைகளைப் பற்றிச் சண்டை போய்க்கொண்டிருந்தது. தானும் நாலு வார்த்தை போட்டான். தூங்கும்போது ரெண்டு மணி. அஞ்சரைக்கு அலாரம்.

வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது தான் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. தூக்கம் கெட்டவனுக்கு முதலில் கெடுவது தன்னைப் பற்றிய கணிப்புதான். குடித்தவன் நிதானமாக இருப்பதாகச் சொல்வானே, அந்த மாதிரி.

முதுநகரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தான். ரயில்வே கேட் போட்டிருந்தது. இன்ஜினை அணைத்தான். கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போனது. அவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான், அப்படித்தான் நினைத்தான்.

"வேன் மாமா, கேட்டு தொறந்துட்டாங்க." முன்சீட்டிலிருந்த யு.கே.ஜி. பெண்பிள்ளை.

பின்னால் ஹாரன்கள் கத்தின. கேட் எப்போது தூக்கினார்கள், கடைசிப் பெட்டி எப்போது போனது, ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் துண்டு காணாமல் போயிருந்தால்? கண்ணாடியில் பார்த்தான். ஆரோக்கிய ராணியும் கண்ணாடியில் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்ச தூரத்தை ஜன்னலைத் திறந்துவிட்டு, சைக்கிள் வேகத்தில் ஓட்டினான். பிள்ளைகள் இறங்கியபிறகு ராணி முன்னால் வந்தாள்.

"கண்ணத் தொறந்துகினே தூங்குன தம்பி. மாதா புண்ணியத்துல கேட்டு போட்டிருந்தான். சாயந்தரமும் இதே மூஞ்சியோட வந்தன்னா நான் ஏறமாட்டேன், புள்ளைங்களையும் ஏத்தமாட்டேன்."

"சாயந்தரம் நான் ஓட்டலக்கா."

"ஞானசேகரன்கிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன்."

ஞானசேகரனின் வண்டிக் கொட்டகைக்கு நேராகப் போய்ச் சாவியை அவர் மேசைமேல் வைத்தான். நடந்ததைச் சொன்னான். அவர் பேப்பரை மடித்தார்.

"புள்ளைங்கள வெச்சிகினு தூங்குனேன்னு என்கிட்டயே வந்து சொல்ற. பேரண்ட்ஸ் காதுல விழுந்தா என் பொழப்பு என்னாவறது?"

"விழுந்தாலும் விழட்டும்ண்ணே. இன்னிக்கும் நாளைக்கும் தில்லைநாதன் ஓட்டட்டும். திங்கக்கெழம வரேன்."

"தில்லைநாதன் இந்த ரூட்ட எனக்கே குடுங்கன்னு மூணு மாசமா கேட்டுகினு கெடக்கறான், தெரியுமா?" பேப்பரை மறுபடி விரித்தார். "திங்கக்கெழம வா. வந்து நில்லு. பாத்துட்டுத்தான் சாவி குடுப்பேன். சரியில்லன்னா ரூட்டு அவனுக்கு."

வேன் போனால் வீட்டில் ஒரு சம்பளம்தான். அதைவிட, தூங்கி வழிகிறவன் என்று பேர் வாங்கின டிரைவரைக் கடலூரில் யாரும் பள்ளிக்கூட வண்டிக்கு வைக்கமாட்டார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனான்.

டூட்டி முடிந்து வந்திருந்த தமிழ்ச்செல்வி கதையை முழுசாகக் கேட்டாள். எண்ணெய்க் குளியல் கட்டத்தில் சிரித்துவிட்டாள். கேட்டுக் கட்டத்தில் சிரிப்பு நின்றது.

"சரி. இன்னிக்குச் சாயந்தரம் வரைக்கும் தூங்கலாம்னு பாக்கறீங்க, இல்ல?"

"பின்ன? திங்கக்கெழமக்குள்ள மொத்தத்தையும் தூங்கிடணும்."

"மொத்தத்தையும் ஒரே பகல்ல தூங்குனா ராத்திரி மறுபடி முழிப்பீங்க. அப்பறம் நாளைக்குப் பகல்ல தூக்கம். நைட்டு டூட்டி பாக்கறவங்க கத இது, எனக்குத் தெரியாதா? விட்டுப்போன மணியெல்லாம் எண்ணி எண்ணித் தூங்க வேணாம். ஒடம்பு மொத ராத்திரி ஆழமா தூங்கிக்கும். அதுக்கப்பறம் மூணு நாலு ராத்திரி கொஞ்சம் முன்னாடி படுத்தா போதும். எழுந்திரிக்கற நேரத்த மட்டும் மாத்தாதீங்க."

அவளும் படுக்கத்தான் வந்திருந்தாள். இருவரும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவன் போனில் அலாரம் அலறியது. அவன் அதை அணைத்துவிட்டுப் புரண்டான். அவள் கண்ணைத் திறக்காமல் காலால் அவனைத் தள்ளினாள். "எழுந்துருங்க. நான் ராத்திரி பூரா நின்னவ, எனக்குப் பகல்தான் ராத்திரி. நீங்க போங்க." அவன் திட்டிக்கொண்டே எழுந்து, முகம் கழுவி, வெயிலில் நடந்து போய்க் காய்கறி வாங்கி வந்தான். மதியத்துக்கு மேல் டீ இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் நாற்காலியிலேயே தலை தொங்கியது. தமிழ்ச்செல்வி விளக்கேற்றிவிட்டு வந்து தட்டினாள்.

"இந்நேரத்துல படுத்தா லட்சுமி வெளிய போயிடுவான்னு எங்கம்மா சொல்லும். லட்சுமி போறாளோ இல்லியோ, ராத்திரித் தூக்கம் போயிடும். எழுந்து நில்லுங்க. தோச ஊத்துங்க."

தோசை ஊற்றினான். மூன்றைக் கருக்கினான். எட்டரைக்குப் படுத்தவன் காலை ஆறு மணிக்குத்தான் கண் விழித்தான். இடையில் யாராவது வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவே கழுவிவிட்டது போலத் தெரிந்தது. "தமிழு, எல்லாம் சரியாயிடுச்சி. இன்னிக்கே போய் வண்டிய எடுத்திருக்கலாம்" என்றான்.

அவள் அவனுடைய தேர்வு டப்பாவிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, கீழே அவன் விரல்களைப் பிடிக்கிற மாதிரி வைக்கச் சொன்னாள். "விடுவேன், புடிங்க. எப்பன்னு சொல்லமாட்டேன்."

ஸ்கேல் தரையில் விழுந்தது. மறுபடி விட்டாள். அதன் கடைசி முனையில் பிடித்தான். மூன்றாவது தடவை மறுபடி தரை.

"இது ஆஸ்பத்திரி டெஸ்ட் இல்ல, சும்மா வெளையாட்டுதான். ஆனா நல்லா இருக்கறேன்னு மனசு முந்திகினு சொல்லும். கையி பின்னாடிதான் வரும். குறுக்க ஒரு நாயி ஓடி வந்தா பிரேக்க மனசா மிதிக்கும்?"

அவன் ஸ்கேலைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். அன்று மதியம் அரை மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு குட்டித் தூக்கம். ராத்திரி வழக்கத்தைவிட ஒன்றரை மணி முன்னால் படுக்கை.

சனிக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "டேய், இன்னிக்கு சனி. எண்ண வெச்சியா?"

"வெக்கலக்கா."

"சூடு எறங்கிச்சா?"

"தூங்கி எறக்கிகினு இருக்கறேன்."

"நல்லாக் கேட்டேன் போ!" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த தாளின் புத்தகம் மேசைமேல் இருந்து முறைத்தது. தூக்கத்துக்கு இவ்வளவு நேரத்தைக் கொடுத்தால் படிப்பது எப்போது என்று அவனுக்கு மறுபடி கவலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரம் பேசிப் பார்த்தான். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பன்னண்டு மணி வரைக்கும் படிக்கறேன். நாலு பாடம் கெடக்குது."

"படிங்க. நாளைக்குக் காலையில ஞானசேகரன் மூஞ்சியையும் நீங்களே பாத்துக்குங்க."

அவன் புத்தகத்தை மூடவும் மனசில்லாமல் திறக்கவும் மனசில்லாமல் சற்று நேரம் இருந்தான். பிறகு பக்கத்தைப் புரட்டி, காலையில் தான் படித்த பாடத்தைப் பார்த்தான். அதைக் காலையில் ஒரே தடவைதான் படித்தான், இப்போது வரிசையாக ஞாபகம் இருந்தது. செவ்வாய் ராத்திரி நாலு தடவை படித்ததில் ஒரு வரிகூட இப்போது வரவில்லை. மிச்சப் பாடங்களைத் திங்கள், செவ்வாய் மத்தியானங்களில் பிள்ளைகளை இறக்கிவிட்ட இடைவெளியில் படிப்பது என்று முடிவு செய்து விளக்கை அணைத்தான். நாலு பாடத்தில் ஒன்று எப்படியும் விட்டுப்போகும். போகட்டும் என்றான்.

திங்கட்கிழமை காலை அலாரத்துக்கு முன்னாலேயே விழித்தான். தமிழ்ச்செல்வி கேட்காமலே ஸ்கேலை எடுத்து நீட்டினான். விட்டாள். பாதியில் பிடித்தான். மறுபடி விட்டாள். மறுபடியும் பாதியில். "போய்ட்டு வாங்க" என்றாள்.

கொட்டகையில் ஞானசேகரன் நின்றிருந்தார். பக்கத்தில் தில்லைநாதன், எண்ணெய் வைத்து வாரின தலையோடு. ராணி அப்போதுதான் வந்திருந்தாள். ஞானசேகரன் இளவரசுவின் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்கிற மாதிரி.

"ரிவர்ஸ் எடு."

கொட்டகையிலிருந்து வேனைப் பின்னால் எடுப்பது லேசில்லை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தென்னை, நடுவில் ஒரு குழாய்த் திட்டு. இளவரசு சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். இரண்டு கண்ணாடியையும் சரிசெய்தான். பாதி வெளியே வந்தபோது எங்கிருந்தோ ஒரு கோழி டயருக்குப் பின்னால் ஓடியது. வேன் அப்படியே நின்றது. கோழி போனது. வேன் வெளியே வந்தது.

"கோழி யாருது?" என்றார் ஞானசேகரன்.

"ஒங்களுதுதான்" என்றாள் ராணி. "அது செத்திருந்தா கொழம்பு, தம்பிக்கு வேல போயிருக்கும். ரெண்டும் தப்பிச்சிது. சாவி அவங்கிட்டயே இருக்கட்டும், நேரமாவுது."

ஞானசேகரன் சிரிக்கவில்லை. "ரெண்டு நாள் கூலி கெடையாது. இன்னொரு தடவ கேட்டுல நின்னன்னு கேள்விப்பட்டேன்…"

"கேள்விப்பட மாட்டீங்கண்ணே. அப்பிடி இருந்தா நானே வந்து சொல்வேன். புதன்கெழம மட்டும் லீவு வேணும், பரீச்ச."

"வியாழக்கெழம?"

"வந்துடுவேன். செவ்வாக்கெழம தூங்கிட்டுத்தான் போறேன்."

அன்று கேட் போட்டிருந்தபோது அவன் பெட்டிகளை எண்ணினான். கேட்டைத் தூக்கியதும் யு.கே.ஜி. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்தது. பிள்ளைக்கு ஏமாற்றம்.

புதன்கிழமை தேர்வில் ஒரு கேள்வி படிக்காத பாடத்திலிருந்து வந்தது. அதை விட்டுவிட்டான். மற்றவற்றில் தலைப்புக்குக் கீழேயும் எழுத விஷயம் இருந்தது. ஒரு மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினால், எண்ணெய்க் கிண்ணம் அடுப்புப் பக்கத்தில் தயாராக இருந்தது.

"இன்னிக்கும் புதன்கெழமதான்டா" என்றாள், அவன் ஓடிவிடுவான் என்று வழியை மறித்துக்கொண்டு.

"ஊத்துக்கா" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

குளித்தான், ரசம் சாப்பிட்டான். "படுத்துடாதடா" என்று அவள் ஆரம்பித்தபோது அவன் அவள் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உள்ளே என்ன கோளாறு என்று பார்த்துக்கொண்டிருந்தான். டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் வேண்டாம் என்றான். அதற்குக் கொஞ்சம் கோபித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அதே பாண்டி பஸ், அதே கண்டக்டர். கடலூர் டிக்கெட் கேட்டதும் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"எழுப்பணுமா?"

"வேணாம்ண்ணே."

புதுச்சத்திரம் போனது, ஆலப்பாக்கம் போனது, முதுநகர் போனது. பஸ் ஸ்டாண்டு திருப்பத்திலேயே இளவரசு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"பஸ்ஸு நிக்கட்டும்யா" என்றார் கண்டக்டர்.